பத்தில் ஒரு பங்கு என்னும் தவறான கணக்கு

வாட்டர்ப்ரூஃபிங், ஏ.சி. சர்வீஸ், பூச்சிக் கட்டுப்பாடு, பெயின்டிங் என்று வீடு தேடிப் போய் வேலை செய்யும் தொழில்களில் ஒரு வாய்ப்பாடு வேரூன்றிவிட்டது. விசாரித்தவர்களில் எத்தனை பேர் வேலை கொடுக்கிறார்கள் என்ற கன்வர்ஷன் விகிதத்தை எடு. சராசரி வேலை மதிப்பால் பெருக்கு. வருவதில் பத்தில் ஒரு பங்கை ஒரு லீடுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். விளம்பரம் விற்க வருபவர் இதைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுகிறார். தொழில் பயிற்சி வகுப்பிலும் இதுவே பாடம். பல ஆண்டு அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள்.

இந்த வாய்ப்பாட்டுக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். லீடு என்பது விசாரிக்கும் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்தான். அதன் விலை 300 ரூபாயா 1,500 ரூபாயா என்பதை மட்டும் பார்த்து மலிவானதை வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களிடம், விலையைப் பார்க்காதே, அதிலிருந்து உனக்கு என்ன வருகிறது என்று பார் என இந்த வாய்ப்பாடு சொல்கிறது. அது சரியான கேள்வி. 300 ரூபாய் லீடு நூறு வாங்கி ஒரு வேலைகூடக் கிடைக்காதவர், 1,500 ரூபாய் லீடு பத்து வாங்கி இரண்டு வேலை முடித்தவரைவிட அதிகம் இழந்திருக்கிறார். இதுவரை யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

கேள்வி சரி, விடைதான் தவறு. கொஞ்சநஞ்சத் தவறும் அல்ல. சென்னையில் மொட்டை மாடி, குளியலறைக் கசிவுகளைச் சரிசெய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கணக்கின் அமைப்பு எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். உரிமையாளர் சொல்கிறார்: “பத்து எஸ்டிமேட் கொடுத்தால் நான்கு வேலை முடியும். சராசரியாக ஒரு வேலைக்கு 59,000 ரூபாய் வாங்குகிறோம்.” வாய்ப்பாட்டின்படி 59,000 ரூபாயில் 40 சதவீதம் 23,600. அதில் பத்தில் ஒன்று 2,360. ஆகவே ஒரு லீடு 2,000 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அவருக்கு லாபம் என்று விற்பனையாளர் சொல்வார். அதே நிறுவனத்தின் புத்தகங்களை எடுத்து வைத்து, அந்த 2,360 எப்படிக் கரைகிறது என்று பார்ப்போம்.

1. வேலையின் மதிப்பு நிறுவனத்தின் பணம் அல்ல

வாடிக்கையாளர் கொடுக்கும் 59,000 ரூபாயில் 9,000 ரூபாய் ஜி.எஸ்.டி. இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். அது அரசுக்குப் போய்விடும். மீதி 50,000. அதிலிருந்து மெட்டீரியல் 18,000, மேஸ்திரிக்கும் ஹெல்பர்களுக்கும் கூலி 12,000, வண்டி வாடகை 1,500. வாரண்டியில் மறுபடி போய்ச் செய்யும் வேலைகளுக்காக ஒவ்வொரு பில்லிலிருந்தும் ஒதுக்க வேண்டியது 1,500. கடைசித் தவணையில் வாடிக்கையாளர் கழித்துக்கொள்ளும் தொகை சராசரியாக 1,000. ஆக 34,000 போனால் கையில் நிற்பது 16,000.

லீடுக்குக் கொடுக்கும் பணம் இந்த 16,000 ரூபாயிலிருந்துதான் வர முடியும். வேறு எங்கிருந்தும் வராது. பத்தில் ஒரு பங்கு என்ற விதி இதை மறைமுகமாகக் கவனித்துக்கொள்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடலாம். எப்படி? 50,000 ரூபாய் வேலையில் ஒருவருக்கு 16,000 நிற்கிறது. ரசாயனப் பூச்சின் விலை ஏறினால் அதே வேலையில் 11,000தான் நிற்கும். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் மருந்துச் செலவு குறைவு என்பதால் பில்லில் பெரும்பகுதியே நின்றுவிடலாம். மூன்று நிலைக்கும் பத்தில் ஒன்று என்று ஒரே விடையைக் கொடுக்கும் கணக்கு, எவருடைய செலவையும் பார்க்காமல் போட்டது.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் கூலி. மேஸ்திரி தினக்கூலிக்கு வருகிறார் என்றால், வேலை கிடைத்தால்தான் அந்த 12,000 செலவாகும்; அதைக் கழிக்கத்தான் வேண்டும். ஆட்களை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும் நிறுவனத்தில், வேலை இல்லாத மாதத்திலும் அந்தச் சம்பளம் போய்க்கொண்டிருக்கும். அப்படியான மந்தமான மாதத்தில் கூடுதலாக ஒரு வேலை வந்தால் உண்மையில் கையில் நிற்பது 28,000. ஒரே நகரில், ஒரே வேலையைச் செய்யும் இரு நிறுவனங்கள் ஒரே லீடுக்கு வெவ்வேறு விலை கொடுக்கலாம். இருவரும் சரியாகவே செய்திருப்பார்கள்.

2. நாற்பது சதவீதம் எதில் நாற்பது?

கன்வர்ஷன் எவ்வளவு என்று எந்த உரிமையாளரைக் கேட்டாலும் அவர் எஸ்டிமேட்டுகளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்வார். ஆனால் அவர் காசு கொடுத்து வாங்குவது எஸ்டிமேட்டை அல்ல, தொலைபேசி எண்ணை. இரண்டுக்கும் நடுவில் நிறையப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். சிலர் போனை எடுப்பதில்லை. சிலர் நிறுவனம் போய் வேலை செய்ய முடியாத தூரத்தில் இருக்கிறார்கள். சிலர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். சிலர் அதே எண்ணை வாங்கிய இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

நம் நிறுவனத்தின் புத்தகம் சொல்வது இது. ஒரு பருவத்தில் மொத்தம் 70 எஸ்டிமேட், 28 வேலை. 40 சதவீதம் என்பது உண்மைதான். பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. அந்த 70 எஸ்டிமேட்டில் 25, பழைய வாடிக்கையாளர்கள் சொல்லி அனுப்பியவர்களுக்குக் கொடுத்தவை. அவற்றில் 16 வேலையாகின. காசு கொடுத்து வாங்கிய 100 லீடுகளிலிருந்து 45 எஸ்டிமேட் போயிருக்கிறது. அவற்றில் 12 வேலை முடிந்தது. ஆக, வாங்கிய லீடின் விகிதம் 12 சதவீதம். நம்பிக்கையோடு வந்து கதவைத் தட்டியவர்களின் விகிதத்தை, முன்பின் தெரியாதவர்களின் எண்ணுக்கு விலை போடப் பயன்படுத்துவதுதான் இந்தத் தொழிலில் மிக அதிகமாக நடக்கும் பிழை. லீடு விற்பவர் இதைத் திருத்தாமல் விடுவதும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது.

இந்த விகிதம் எவ்வளவு பணத்தைப் புரட்டக்கூடியது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. வீட்டுப் பழுது ஒப்பந்தக்காரர்களுக்கு லீடு விற்கும் ஹோம்அட்வைசர் மீது 2022 மார்ச்சில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. லீடுகளின் தரத்தைப் பற்றியும், அவை வேலையாக மாறும் விகிதத்தைப் பற்றியும் ஒப்பந்தக்காரர்களிடம் தவறான தகவல் சொல்லப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2023இல் வந்த உத்தரவின்படி அந்நிறுவனம் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க வேண்டியதாயிற்று. விற்பவர் சொல்லும் விகிதத்தை வைத்து வாங்குபவர் தன் உச்ச விலையைப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் மழை கொட்டும் நவம்பரில்தான் கூரை ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். போன்கள் அப்போதுதான் குவியும். ஆனால் பெரும்பாலான பூச்சுகளுக்குத் தளம் உலர்ந்திருக்க வேண்டும். வேலை ஜனவரிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளிப்போகிறது. நவம்பரில் முடிந்த வேலையை நவம்பரில் வந்த லீடால் வகுத்தால் விகிதம் அடிமட்டத்தில் இருக்கும். விளம்பரம் வீண் என்று தோன்றும். பிப்ரவரியில் அதையே செய்தால் விகிதம் வானத்தில் நிற்கும். விளம்பரச் செலவைக் கூட்டலாம் என்று தோன்றும். இரண்டு முடிவும் தவறு. நவம்பரில் வந்த லீடுகளைத் தனி வரிசையாக எழுதி வைத்து, மார்ச் வரை காத்திருந்து, அவற்றில் எத்தனை வேலையாகின என்று எண்ணுவதே சரியான விகிதம்.

அப்படி எண்ணிய பிறகும் 12 என்பது கல்வெட்டு அல்ல. நூற்றில் பன்னிரண்டு என்று ஒரு பருவம் காட்டினால், உண்மையான விகிதம் 6 முதல் 20 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்கிறது. இருபது லீடு வாங்கிப் பார்த்து நான்கு வேலை முடிந்ததும் “இருபது சதவீதம்” என்று உறுதியாகச் சொல்கிறவரின் நிலை இன்னும் மோசம். அவருடைய உண்மை விகிதம் 6 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம்.

3. வாங்கியதும் செலவு நின்றுவிடுமா?

நிற்பதில்லை. வாய்ப்பாட்டில் இடமே இல்லாத ஒரு செலவு இருக்கிறது: வேலை கிடைக்காத லீடுகளுக்கும் சேர்த்துச் செய்யும் செலவு. கசிவு எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்க்காமல் எஸ்டிமேட் கொடுக்க முடியாது. பெட்ரோல், அரை நாள், ஈரத்தைச் சோதிக்கும் ஆள் என்று ஒரு சைட் விசிட்டுக்கு 400 ரூபாய் ஆகிறது என்றால், 45 விசிட்டுக்கு 18,000. நூறு பேரையும் திரும்பத் திரும்ப அழைத்துப் பேசும் ஊழியரின் நேரம் 7,000. மொத்தம் 25,000, லீடுக்கு 250.

இப்போது கணக்கைச் சேர்க்கலாம். ஒரு வேலையில் நிற்கும் 16,000 ரூபாயில் 12 சதவீதம் 1,920. கையாளும் செலவு 250 போக 1,670. இதுவே இந்த நிறுவனத்தின் உச்ச விலை. இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஒவ்வொரு லீடிலும் பணம் கையைவிட்டுப் போகும். வாய்ப்பாடு சொன்ன 2,360 ரூபாய்க்கு நூறு லீடு வாங்கியிருந்தால் 69,000 ரூபாய் நஷ்டம். அதுவும் பன்னிரண்டு வேலைகளை வேர்வை சிந்தி முடித்த பிறகு.

வரிப்பதிவு இல்லாத சிறு நிறுவனத்துக்கு இன்னொரு இடியும் உண்டு. லீடு விற்கும் நிறுவனத்தின் பில்லிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கும். பதிவு பெற்றவர் வழக்கமான முறையில் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது திரும்ப வராது. அவருடைய உச்ச விலை 1,670 என்று வந்தால், விற்பவர் வரி சேர்க்காமல் சொல்லும் விலை 1,415க்குள் இருக்க வேண்டும்.

4. சராசரி லீடு என்று ஒன்று வருவதே இல்லை

போனில் வருவது தனி வீட்டுக்காரராக இருக்கும். அல்லது அடுக்குமாடியில் குடியிருப்பவராக இருக்கும். கசிவு வேலையில் இந்த இருவருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. தனி வீட்டுக்காரர் தன் மொட்டை மாடிக்குத் தானே முடிவெடுக்கிறார். இரண்டு எஸ்டிமேட் வாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அடுக்குமாடியில் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர். அவருடைய கூரையில் ஈரம் படிந்திருக்கும். பழுது மேல்வீட்டுக் குளியலறையில் இருக்கும். மேல்வீட்டுக்காரர் தரையை உடைக்கச் சம்மதித்து, பணமும் பகிர்ந்துகொண்டால்தான் வேலை நடக்கும். மொட்டை மாடி என்றால் சங்கம் கூட வேண்டும், மூன்று கொட்டேஷன் வேண்டும், பொருளாளர் ஊரிலிருந்து திரும்ப வேண்டும்.

நம் நிறுவனத்தின் நூறு லீடில் 55 தனி வீடு, 9 வேலை, ஒவ்வொன்றிலும் சராசரியாக 14,000 நிற்கிறது. அடுக்குமாடி லீடு 45, வேலை 3, ஒவ்வொன்றிலும் 22,000 நிற்கிறது. கையாளும் செலவைக் கழித்தால் தனி வீட்டு லீடின் உச்ச விலை ஏறத்தாழ 2,040. அடுக்குமாடி லீடின் உச்ச விலை ஏறத்தாழ 1,215. அடுக்குமாடி வேலை பெரிதாக இருந்தும் அதன் லீடு மலிவானதுதான். இப்போது ஒருவர் 1,500 ரூபாய்க்கு லீடு தருகிறேன் என்கிறார். பொதுவான உச்ச விலை 1,670 என்பதால் உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார். தனி வீட்டு லீடு ஒவ்வொன்றிலும் 540 ரூபாய் சம்பாதித்து, அடுக்குமாடி லீடு ஒவ்வொன்றிலும் 285 ரூபாய் இழக்கிறார். சங்கக் கூட்டத்துக்கு மேலும் இரண்டு முறை போக வேண்டியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். மொத்தக் கணக்கு லாபம் காட்டுவதால் இது அவர் கண்ணில் படுவதே இல்லை.

சராசரி வேலை மதிப்பை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. முடிந்த வேலைகளின் பில்லிலிருந்து எடுத்தால் சரி. கொடுத்த கொட்டேஷன்களிலிருந்து எடுத்தால், கைக்கு வராமல் போன பெரிய வேலைகள் சராசரியை மேலே தூக்கிவிடும்; கன்வர்ஷன் விகிதமோ சிறிய வேலைகள் எளிதில் முடிவதால் உயர்ந்து நிற்கும். உயர்ந்த இரண்டையும் பெருக்கினால் வருவது எங்குமே இல்லாத பணம்.

5. உச்ச விலையைக் கொடுக்க வேண்டிய விலையாக நினைப்பது

1,670 என்பது நஷ்டமில்லாத எல்லை மட்டுமே. அந்த விலையில் வாங்கினால் ஆபீஸ் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், கடன் வட்டி, உரிமையாளரின் குடும்பச் செலவு எதற்கும் அந்த வேலை ஒரு ரூபாய்கூடத் தராது. இவற்றுக்காக ஒவ்வொரு வேலையும் 6,000 கொடுத்தாக வேண்டும் என்றால், அதில் 12 சதவீதமான 720 ரூபாயையும் கழிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய விலை 950 ஆகிவிடுகிறது. ஆட்கள் சும்மா இருக்கும் ஓரிரு மாதம் 1,670ஐ நெருங்கிப் போகலாம். அதையே வழக்கமாக்கினால் நிறுவனம் பரபரப்பாக இயங்கிக்கொண்டே மெலிந்துபோகும்.

இதைவிட நுட்பமான ஆபத்து, விளம்பரச் செலவைக் கூட்டும்போது வருகிறது. மாதம் 40,000 செலவழித்தபோது 40 லீடு வந்தது. லீடு 1,000 ரூபாய். நன்றாக ஓடுகிறது என்று 80,000 ஆக்கினார்கள். லீடு 60 ஆனது. சராசரி 1,333. எல்லை 1,670 என்பதால் எல்லாரும் திருப்தி. ஆனால் கூடுதலாகப் போட்ட 40,000 ரூபாய்க்குக் கிடைத்தவை 20 லீடுகள் மட்டுமே. அவை ஒவ்வொன்றும் 2,000 ரூபாய். எல்லையைவிட 330 அதிகம். எல்லையோடு ஒப்பிட வேண்டியது கடைசியாகச் சேர்ந்த லீடுகளின் விலையை. சராசரியை ஒப்பிட்டால் தவறு எப்போதும் மறைந்தே இருக்கும். தேடி வருகிறவர்களை முதல் 40,000 ரூபாயே பிடித்துவிடுவதால், பின்னால் வரும் லீடுகள் வேலையாகும் விகிதமும் வழக்கமாகக் குறைவு.

இத்தனைக்கும் வாய்ப்பாட்டின் ஆதரவாளர்களிடம் ஒரு பலமான பதில் உண்டு. ஒரு வாடிக்கையாளர் ஒரு வேலையோடு போய்விடுவதில்லை. மறுபடி வருவார், நான்கு பேரிடம் சொல்வார், ஆகவே முதல் வேலையில் நஷ்டப்பட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஏ.சி. சர்வீஸிலும் பூச்சிக் கட்டுப்பாட்டிலும் ஆண்டு ஒப்பந்தம் எடுக்கும் வாடிக்கையாளருக்கு இது அப்படியே பொருந்தும். கசிவு வேலையில் பொருந்தாது. நன்றாகச் செய்த மொட்டை மாடிக்குப் பல ஆண்டுகளுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். சொல்லி அனுப்புவது மட்டுமே மிச்சம். வாங்கிய லீடில் முடித்த 12 வேலைகள் ஓராண்டுக்குள் இன்னும் 3 வேலையைக் கொண்டுவந்தன என்று புத்தகத்தில் பெயரோடு இருந்தால், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்; 15 வேலையாகக் கணக்கிட்டால் உச்ச விலை 2,150 ஆகும். பெயர் எழுதி வைக்காதவர் அந்த மூன்றைச் சேர்க்க முடியாது. சேர்க்கிறவரும், லீடுக்கான பணம் இன்றைக்குப் போகிறது, அந்த மூன்று வேலை அடுத்த கோடையில் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஆள்பலம். தளத்தைச் சுத்தம் செய்து, விரிசல் அடைத்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டுக்கும் காயவிட்டு, தண்ணீர் தேக்கிச் சோதித்து முடிக்க ஒரு மொட்டை மாடிக்குச் சில நாட்கள் ஆகும். இரண்டே குழு வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் செப்டம்பர் நடுவிலேயே மழைக்கு முந்தைய நாட்கள் எல்லாம் நிரம்பிவிட்டால், அதன் பிறகு வாங்கும் லீடின் மதிப்பு முன்பு போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த லீடு வேலையானால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இன்னொரு வேலை தள்ளிப்போகும்; அல்லது புதிய வாடிக்கையாளர் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும், பெரும்பாலோர் காத்திருப்பதில்லை. அந்த வாரங்களில் உச்ச விலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. பல நிறுவனங்கள் விளம்பரச் செலவை உச்சத்துக்கு ஏற்றுவதும் அதே வாரங்களில்தான்.